ஐந்து பேர், ஒரே ஒழுங்கை: கதைகள் முரண்படாமல் இருக்க ஓர் ஏடு

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரே கற்பனை உலகத்தில் தனித்தனியாகக் கதைகள் எழுதுகிறோம். ஒருவர் எழுதியது இன்னொருவருடையதோடு மோதுகிறது, ஆண்டுகள் குழம்புகின்றன, ஒரே பாத்திரம் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறது. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இல்லாத ஓர் ஒழுங்கையை நாங்கள் ஐந்து பேர் கற்பனை செய்து, 1957 முதல் 1972 வரை அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பற்றி நான்கு ஆண்டுகளாகக் கதை எழுதி வருகிறோம். ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், ஒருவர் மட்டக்களப்பில், ஒருவர் ரொறன்ரோவில். நானும் இன்னொருவரும் கொழும்பில். மாதாமாதம் முழுநிலாப் போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் என் வீட்டில் கூடுகிறோம். மற்றவர்கள் தொலைபேசியில் சேர்ந்துகொள்வார்கள். இதுவரை முடிந்த கதைகள் முப்பத்தொன்று. அவற்றின் ஏட்டை வைத்திருப்பவன் நான்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழை, உலகத்தை முழுவதும் முதலிலேயே எழுதி வைக்கப் பார்த்தது. யார் வீட்டில் எத்தனை அறை, யாருக்கு எத்தனை பிள்ளைகள், கடைக்காரரின் தந்தை எந்த ஊர் என்று அறுபது பக்கம் சேர்த்தோம். கதை எழுதும்போது ஒருவரும் அதைத் திறக்கவில்லை. திறந்தவருக்கோ அது தடையாக இருந்தது, ஏனென்றால் அங்கே எழுதியிருந்த பலவற்றுக்குக் கதையில் வேலையே இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு விரிதாளை வைத்துக்கொண்டோம். முடிந்த கதையிலிருந்து மட்டும்தான் அதற்குள் ஒரு வரி போகும். திட்டத்திலிருந்தோ பேச்சிலிருந்தோ எதுவும் போகாது. என்னைத் தவிர யாரும் அதில் எழுதுவதில்லை. ஆட்சேபம் இருந்தால் ஓரத்தில் குறிப்பிடுவார்கள்.

ஒவ்வொரு வரியிலும் என்ன நடந்தது, எப்போது, எந்தக் கதையில் என்பவை இருக்கும். இவற்றோடு இன்னொரு நிரலும் உண்டு: அந்தச் செய்தி கதையில் “காட்டப்பட்டதா” அல்லது ஒருவர் வாயால் “சொல்லப்பட்டதா”. எங்களைக் காப்பாற்றியது இந்த நிரல்தான். எப்படி என்று ஒரு சிக்கலை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையின் நடுநாயகம் பவளம் மாமி. யாழ்ப்பாண நண்பர் எழுதிய கதையில் அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு தன்னந்தனியாக ஒழுங்கைக்குக் குடிவருகிறார். டிராம் ஓட்டம் நின்றுபோய், தெருவில் வெறும் தண்டவாளம் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறார். கொழும்பில் டிராம் நின்றது 1960இல். ஆகவே அவர் வந்ததும் அப்போதுதான். எட்டு மாதம் கழித்து ரொறன்ரோத் தோழி 1968இல் நடக்கும் ஒரு கதையை அனுப்பினார். அதில் மாமியின் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். தன் தோழி ஒருத்தியிடம் அவள் பெருமையாகச் சொல்கிறாள்: “நான் இந்த ஒழுங்கையில்தான் பிறந்தேன்.” பத்து வயதென்றால் 1958இல் பிறந்திருக்க வேண்டும். அப்போது மாமி ஒழுங்கையிலேயே இல்லை. அதைவிட மோசம், 1960இல் அவர் வரும்போது கையில் பிள்ளையும் இல்லை.

படித்துப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. இரண்டு கதைகளும் தனித்தனியே நன்றாக இருந்தன. மகளின் பிறந்த ஆண்டை ஏட்டில் எழுதப் போனபோதுதான் இடித்தது. கதையில் வயது என்று வந்தால் அதை அப்படியே எழுதாதீர்கள், கதை நடக்கும் ஆண்டிலிருந்து கழித்துப் பிறந்த ஆண்டாக மாற்றி எழுதுங்கள். வயது கதைக்குக் கதை மாறும். பிறந்த ஆண்டு மாறாது. இரண்டு கதைகள் இரண்டு பிறந்த ஆண்டுகளைத் தந்தால் அங்கேயே பிழை தெரிந்துவிடும்.

சரிசெய்ய மூன்று வழிகள் இருந்தன. மகளின் வயதை ஏழாகக் குறைக்கலாம். ஆனால் ஏழு வயதில் புலமைப்பரிசில் பரீட்சை இல்லை, தோழியின் கதைக்கு அந்தப் பரீட்சைதான் முதுகெலும்பு. மாமி வந்ததை 1958க்கு முன்னால் தள்ளலாம். அப்படிச் செய்தால் வெறும் தண்டவாளம் என்ற காட்சி போய்விடும். அதோடு, 1958இன் இனக்கலவரத்தில் கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறி வடக்கே போனார்கள். அந்த ஆண்டைக் கொழும்பில் கடந்த மாமி வேறொரு மனுஷி. அவரைப் பற்றி அதுவரை எழுதிய ஏழு கதைகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியை அந்த நிரல் காட்டியது. மாமி தனியே வந்தது காட்டப்பட்டது. மகளுக்குப் பத்து வயது என்பதும் காட்டப்பட்டது. ஒழுங்கையில் பிறந்தேன் என்பது மட்டும் ஒரு சிறுமி சொன்னது. சிறுமி தன் பிறப்பைப் பற்றி அறிந்தது பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதானே. ஆகவே அவள் அப்படி நம்புகிறாள் என்று வைத்துக்கொண்டோம். குழந்தை இரண்டு மூன்று வயதில் வேறெங்கிருந்தோ மாமியிடம் வந்து சேர்ந்திருக்கிறாள். அது மாமிக்கும் எதிர்வீட்டு ஆசிரியைக்கும் மட்டும் தெரியும். இரண்டு கதைகளிலும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

இந்த வழியை அடிக்கடி பிடிக்கக் கூடாது. முரண் வரும் இடமெல்லாம் “அவர் பொய் சொன்னார்” என்று ஒட்டுப்போட்டால் ஒழுங்கை முழுவதும் பொய்யர்கள்தான் மிஞ்சுவார்கள். பொய் சொல்லவோ தவறாக நம்பவோ அந்தப் பாத்திரத்துக்கு ஏற்கெனவே காரணம் இருந்தால்தான் அனுமதிப்போம். காட்டப்பட்ட இரண்டு செய்திகளே மோதினால், பின்னால் எழுதியவர் தன் கதையைத் திருத்த வேண்டும். முன்னவர் மூத்தவர் என்பதற்காக இல்லை. அவர் கதையை நம்பி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள் என்பதற்காக.

அன்றிலிருந்து ஏட்டில் இன்னொரு நிரலும் சேர்ந்தது: இந்தச் செய்தி யார் யாருக்கு, எப்போதிலிருந்து தெரியும். மகளுக்கு 1971 வரை தெரியாது என்று முடிவெடுத்தோம். அதற்கு முந்தைய காலத்துக் கதையை யார் எழுதினாலும் அவள் அறியாதவளாகவே நடந்துகொள்ள வேண்டும்.

காலத்தைப் பற்றி இன்னொன்று. உங்கள் உலகம் உண்மையான ஊரைத் தொட்டு நின்றால், நாள்காட்டியும் உண்மையானதாக இருக்க வேண்டும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறு கிடையாது. முழுநிலா மட்டுமல்லாமல் நிலாவின் நான்கு நிலைகளையும் ஒட்டி வாரந்தோறும் வந்த போயா நாள் முழு விடுமுறை, அதற்கு முந்தைய நாள் அரை விடுமுறை. நிலாவின் பிறைக்கணக்கில் வருவதால் விடுமுறை ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் விழாது. இது தெரியாமல் அந்தக் காலத்துக் கதைகள் ஐந்தில் ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறார்! தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, கதைகளுக்கு வேண்டிய மாதங்களின் போயா நாள்களை எடுத்து வந்தேன். மூன்று கதைகளில் கிழமையின் பெயரை நீக்கியதே போதுமாக இருந்தது. ஒன்றில் தந்தை விடியற்காலைத் திருப்பலிக்குப் புனித லூசியாள் பேராலயத்துக்குப் போய்விட்டு, அப்படியே வேலைக்கு ஓடுவதாக மாறியது. முன்னையதைவிட நல்ல காட்சி.

தொனிக்கு வருகிறேன். ஐந்து பேருடைய நடையையும் ஒன்றாக்க முயல வேண்டாம். அது நடக்காது, நடந்தாலும் உயிர் இருக்காது. நாங்கள் இரண்டை மட்டும் கட்டிப்போட்டோம். முதலாவது, கதைசொல்லிக்கு நாளை நடப்பது தெரியாது. 1957இல் நடக்கும் கதையில் அடுத்த ஆண்டின் கலவரத்தையோ, எந்தக் கதையிலும் 1983 ஜூலையையோ முன்னறிவிக்கும் ஒரு வாக்கியம்கூடக் கூடாது. “அது பின்னால் எரியப்போகும் வீடு” என்று ஒருவர் எழுதிவிட்டால் மற்ற நால்வரின் கதைகளிலும் அந்த வீட்டில் புகை நாறும்.

இரண்டாவது, யார் யாரை எப்படி அழைப்பார் என்ற அட்டவணை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது என்பேன். பாத்திரம் பேச்சில் மாறிவிட்டது என்று நீங்கள் உணர்வது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பேசுபவர் ஒரு பக்கம், கேட்பவர் மறுபக்கம், நடுக்கட்டத்தில் முறைப்பெயரும் நீயா, நீரா, நீங்களா என்பதும். மாமி ஆசிரியையை “நீர்” என்பார். ஆசிரியை மாமியை “நீங்கள்” என்பார். பலசரக்குக் கடைக்காரரை மாமி “நானா” என்று அழைப்பார். அவர் மாமியை “தங்கச்சி, நீங்கள்” என்பார். மட்டக்களப்புத் தோழியின் கதை ஒன்றில் கடைக்காரர் மாமியிடம் “நீ” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டார். வாசித்த மூவர், இருவருக்கும் என்ன சண்டை என்று கேட்டார்கள். தோழி அப்படி நினைத்து எழுதவே இல்லை. உறவு உண்மையிலேயே மாறினால் அழைப்பும் மாறலாம். ஆனால் அது ஒரு நிகழ்ச்சி. எந்தக் கதையில் மாறியது என்று ஏட்டில் ஏற வேண்டும், பிறகு எல்லோரும் புதிய அழைப்பையே எழுத வேண்டும்.

நடைமுறை எளிது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதைப் படைத்தவர் பொறுப்பு. மற்றவர்கள் தாராளமாக எடுத்து எழுதலாம். ஆனால் பொறுப்பாளரைக் கேட்காமல் சாகடிக்கவோ, கல்யாணம் முடித்துவைக்கவோ, ஊரைவிட்டு அனுப்பவோ கூடாது. எழுதத் தொடங்கும் முன் ஒரு பத்தி எனக்கு வரும்: கதை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது, யார் யார் வருகிறார்கள், முடிவில் ஒழுங்கையில் என்ன மாறியிருக்கும். அதை ஏட்டோடு ஒப்பிட எனக்கு ஒரு மணி நேரம் போதும். எழுதி முடித்த நாற்பது பக்கத்தில் பிழை கண்டால் ஒரு மாதம் போகும், மனக்கசப்பும் வரும். நான் கதை எழுதும் சுற்றில் ஏட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் என் கதைக்கு வசதியாகவே நான் தீர்ப்புச் சொல்வதைக் கண்டுகொண்டேன்.

எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்ற வேண்டாம். கேற்றின் நிறம் ஒரு கதையில் பச்சை, இன்னொன்றில் நீலம்; விட்டுவிட்டோம். பிறப்பு, சாவு, வரவு, போக்கு, ரகசியம், அழைப்பு ஆகியவற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

மகள் தன் பிறப்பை அறியும் கதையை இப்போது மட்டக்களப்புத் தோழி எழுதிக்கொண்டிருக்கிறார். 1971 என்று ஆண்டு இருக்கிறது, மாதம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த ஆண்டில்தான் வார விடுமுறை மறுபடி ஞாயிறுக்குத் திரும்பியது. அதனால் அவள் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்டுவிடும் நாள் போயாவா ஞாயிறா என்பதை அவர் சொல்லும்வரை, அந்தக் கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை.