கோபமூட்டிய மெயிலுக்குப் பதில்: அனுப்பும் முன் கேட்கப்பட்டவை

கூட வேலை செய்பவர் மேனேஜரையும் CC-யில் போட்டு, "ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டேன், தாமதம் உங்கள் பக்கம்தான்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். கை நடுங்குகிறது. எவ்வளவு நேரம் பொறுக்கணும்?

நேரம் அப்புறம். பதில் பெட்டி திறந்திருந்தால் முதலில் To, CC இரண்டையும் காலி செய்யுங்கள். முகவரி இல்லாத மெயில் கை தவறினாலும் போகாது. பிறகு எழுந்து போங்கள், நான் குறைந்தது அரை மணி நேரம் விடுவேன், மாலையில் வந்த மெயில் என்றால் மறுநாள் காலைதான். திரும்பி வந்து அவருடைய மெயிலை மறுபடி படியுங்கள். இன்னமும் அது அவருடைய நக்கல் குரலிலேயே காதில் விழுகிறதா? அப்படியென்றால் நீங்கள் ஆறவில்லை. அந்தக் குரல் மெயிலில் இல்லை, நாம் சேர்த்துக்கொண்டது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்பதை எதிராளி 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள், படித்தவர்கள் பிடித்தது 56 சதவீதம்தான். கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி.

மனசில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதி அழித்துவிட்டால் போதும், கோபம் போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான்.

பாதி சரி. அமெரிக்க அதிபர் லிங்கன் 1863 ஜூலையில், உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு எதிரித் தளபதி லீயின் படையைத் தப்பவிட்ட தன் தளபதி மீடுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போடாமல் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். எல்லோரும் சொல்வது இதோடு முடிந்துவிடும். ஆனால் லிங்கனுடைய அதிருப்தி தலைமைத் தளபதி ஹாலெக் அனுப்பிய தந்தி வழியாக மீடுக்கு ஏற்கெனவே எட்டி, மனிதர் பதவி விலகுகிறேன் என்றே சொல்லிவிட்டார், அதற்குப் பதில் சொல்லத்தான் லிங்கன் அந்தக் கடிதத்தை எழுதவே உட்கார்ந்தார். மெயிலை அழித்துவிட்டுப் பக்கத்து சீட்டில் புலம்பினாலும் கதை அதுதான்.

இன்னொன்று. கோபப்படுத்தியவரையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தில் இருந்தார்கள் என்று 2002-இல் ஒரு பரிசோதனை காட்டியது. அதனால் ஒரே தடவை எழுதி மூடுங்கள். "இந்த வரி இன்னும் நல்லா உறைக்கணும்" என்று திருத்த ஆரம்பித்தால் கத்தியைத் தீட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

எங்கள் மேனேஜர் போனிலேயே கத்துவார், அதற்கு என்ன செய்வது?

அது வேறு சங்கதி. போனில் பொறுத்திருந்து பதில் சொல்ல இடமே கிடைக்காது.

ஜிமெயிலில் Undo Send போட்டிருக்கிறேன், அது போதாதா?

அதற்கு அதிகபட்சமே 30 விநாடி. இணைப்பை மறந்ததற்கு உதவும், கோபத்துக்குப் பத்தாது. பழைய அவுட்லுக்கில் ரூல் போட்டால் 120 நிமிடம் வரை மெயிலை Outbox-இல் நிறுத்திவைக்கலாம். ஆனால் எல்லா மெயிலும் தாமதமாகும், எரிச்சலில் ஒரே வாரத்தில் எடுத்துவிடுவீர்கள். நான் எடுத்துவிட்டேன்.

முதல் கேள்வி கேட்டவன்தான். நான் பேசாமல் இருந்தால் மேனேஜர் தப்பு என்னுடையது என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

நியாயமான பயம். சும்மா இருக்க வேண்டாம், ஒரு வரி போடுங்கள்: "பார்த்தேன். தேதிகளைச் சரிபார்த்து நாளை 11 மணிக்குள் எழுதுகிறேன்." அது அனைவருக்கும் போகட்டும். அப்புறம் அவருடைய மெயிலில் உறுத்துகிற சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள். "ஏற்கெனவே இரண்டு முறை" போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: தாமதம் யாரால்? அதற்கு மட்டும் பதில்.

நீங்கள் முதலில் எழுதத் துடித்தது இப்படி இருந்திருக்கும்: "நீங்கள் ஃபைலையே லேட்டாகத் தந்துவிட்டு என்மேல் பழி போடுவது வழக்கம்தானே." போக வேண்டியது: "ஃபைல் எனக்கு 12-ஆம் தேதி மாலை வந்தது. சோதனைக்கு மூன்று நாள் வேண்டும் என்று 8-ஆம் தேதி எழுதியிருந்தேன், அதைக் கீழே வைத்திருக்கிறேன். 15-ஆம் தேதி முடித்துத் தருகிறேன்." தேதி பேசட்டும். "வழக்கம்தானே" என்ற ஒரு சொல் இருந்தால் போதும், மேனேஜர் தேதியை விட்டுவிட்டு உங்கள் சண்டையைப் படிப்பார். அந்த இரண்டு மெயிலும் வந்தனவா என்று தேடியும் பாருங்கள், எனக்கு ஒரு தடவை உண்மையிலேயே வந்திருந்தது, வேறு ஃபோல்டரில்.

இவ்வளவு பவ்யமாக எழுதினால் மறுபடியும் இப்படித்தானே செய்வார்?

செய்யலாம். அதை CC இல்லாமல் நேரில் கேட்பது மேல் என்பது என் பழக்கம். சிலர் எழுத்தில் இருந்தே ஆகணும் என்பார்கள், மூன்றாவது தடவை என்றால் நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

நேற்றே அனுப்பிவிட்டேனே, அவுட்லுக்கில் Recall கொடுக்கவா?

வேண்டாம். அது வேலை செய்யாமல் போனால், திரும்பப் பெற முயன்றீர்கள் என்ற தகவலே அவருக்குப் போகலாம், அப்புறம் படிக்காதவரும் திறந்து பார்ப்பார். போன் போட்டு, "தொனி தப்பு, தேதி சரிதான்" என்று சொல்லுங்கள்.