இன்னொருவர் லாகினில் ஷிஃப்ட் ஆரம்பித்தேன், மெமோ வந்திருக்கிறது

“சென்னையில் கால் சென்டர் வேலை. ஒரே சீட்டில் ஷிஃப்டுக்கு ஒருவர் உட்காருவோம். போன வாரம் இரவு 10 மணிக்கு என் லாகின் வேலை செய்யவில்லை. முந்தைய ஷிஃப்ட் பையன் சைன் அவுட் செய்யாமல் போயிருந்தான். ‘அதிலேயே ஆரம்பிம்மா’ என்றார் டீம் லீடர். அன்று அவன் ஐடியில் தப்பான ரீஃபண்ட் ஒன்று போயிருக்கிறது. நான் போடவில்லை. போலீஸ் கேஸ் ஆகுமா?”

கேஸ் ஆவது கடினம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி இன்னொருவர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் அதற்கு ஏமாற்றும் எண்ணமோ நேர்மையற்ற எண்ணமோ இருந்திருக்க வேண்டும். டீம் லீடர் சொல்லி வேலையை ஆரம்பித்தவரிடம் அதைக் காட்டுவது எளிதல்ல.

நிறுவன விசாரணை வேறு. அங்கே ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை, விதியை மீறியதே போதும். டீம் லீடர் சொன்னது தண்டனையைக் குறைக்க உதவும், தவறை முழுதாக அழிக்காது. அதனால் மெமோவுக்கான பதிலில் “அவர் ஐடியை நான் தொடவே இல்லை” என்று எழுதிவிடாதீர்கள். தொட்டது உண்மை, கேமராவிலும் பதிந்திருக்கலாம். அதில் பொய் சொன்னால் ரீஃபண்ட் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஐடியைப் பயன்படுத்தியது, யார் சொல்லி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எல்லாவற்றையும் எழுதி, ரீஃபண்டை மட்டும் மறுங்கள்.

உங்களைக் காப்பாற்றப் போவது நேரம்தான். கணினியின் லாக் எந்த ஐடி என்று சொல்லும், எந்தக் கை என்று சொல்லாது. ரீஃபண்ட் 9.52-க்குப் போயிருந்து, உங்கள் கார்டு வாசலில் 9.58-க்குப் பதிந்திருந்தால் விஷயம் முடிந்தது. 10.40 என்றால், அந்த நிமிடம் நீங்கள் எந்தக் காலில் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பதை ரெக்கார்டிங்கில் உங்கள் குரலே காட்டும். விண்டோஸ் லாகில் 4624 என்பது உள்நுழைவு, 4647 என்பது பயனரே சைன் அவுட் செய்தது. முந்தைய ஷிஃப்ட்காரர் போன நேரத்தில் 4647 இல்லையென்றால், செஷன் திறந்தே கிடந்தது என்ற உங்கள் பேச்சுக்கு அது பலம். இந்த லாக், வாசல் பதிவு, கால் ரெக்கார்டிங், கேமரா காட்சி எல்லாவற்றின் நகலையும் கேட்டு, அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே மெயில் போடுங்கள். கேமரா காட்சியின் மேல் சில வாரங்களில் புதியது பதிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், இனி லாகின் வரவில்லை என்றால் கணினிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டு, அதன் எண்ணோடு டீம் லீடருக்கு ஒரு வரி: “10 மணிக்கு வந்துவிட்டேன், லாகின் இல்லை, காத்திருக்கிறேன்.” அரை மணி தாமதத்துக்கு அதுவே பதில். கிளம்பும்போது பிரவுசரை மூடினால் போதாது, ஸ்கிரீன் லாக்கும் போதாது. லாக் செய்தாலும் உங்கள் செஷன் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் வேலை செய்யும் மென்பொருளில் லாக் அவுட், பிறகு ஸ்டார்ட் மெனுவில் Sign out, உள்நுழைவுத் திரை வரும்வரை சீட்டிலேயே இருங்கள்.