எஸ்பிஎஃப் 50 போட்ட சன்ஸ்கிரீன் 30-ஐ விட எவ்வளவு காக்கும்?

"மன்னார்குடிப் பக்கம் நடவு வேலை மேற்பார்வை. சன்ஸ்கிரீன் 30-ஐ விட்டு 50 வாங்கினேன். காப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுமா? போட்டும் முகம் கறுக்குதே, ஏன்?"

ஆகாது. தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் முப்பதில் ஒரு பங்கை 30 உள்ளே விடும். ஐம்பதில் ஒரு பங்கை 50 விடும். அதாவது தடுப்பது சுமார் 97 சதவீதம், 98 சதவீதம். கிரீமில் உள்ள பொருள்கள் கதிரை உறிஞ்சி லேசான வெப்பமாக மாற்றிவிடுகின்றன.

ஆனால் அந்த எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். முகம், கழுத்துக்கு அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கிய இரண்டு கோடு. நாம் பட்டாணி அளவு வைத்து, பவுடர் போல் தேய்த்துவிடுகிறோம்! உங்கள் டியூபையே கேளுங்கள்: தினம் ஒருமுறை சரியாகப் பூசினால் 50 கிராம் நாற்பது நாளில் தீரும். ஆறு மாதம் வந்தால் கால்வாசிதான் பூசியிருக்கிறீர்கள். அப்போது 50 என்பது ஒற்றை இலக்கத்துக்கே இறங்கிவிடலாம்.

கறுப்பது வேறு கதை. அந்த எண் சிவப்பை வைத்து அளந்தது. நம் நிறத்தைக் கறுக்க வைப்பதில் புற ஊதா 'ஏ' கதிருக்குப் பெரும் பங்கு. அதற்கு டியூபில் 'பிஏ' எழுத்தின் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். நாலு இருந்தால் நல்லது.

வயலில் வியர்வையைத் துண்டால் துடைத்ததும் கிரீமும் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். உச்சிவெயிலில் தலைத்துண்டை நான் அதிகம் நம்புவேன்.