சட்டத்தரணியிடமே இரகசிய உடன்படிக்கை கேட்கலாமா?

"யாழ்ப்பாணத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். வாடிக்கையாளரின் சட்டத்தரணிகளும் சேரும் முதல் அழைப்புக்கு முன், இரகசியக் காப்பு உடன்படிக்கையில் அவர்களைக் கையொப்பமிடச் சொன்னால் கோபிப்பார்களா?"

கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. "நாங்கள் ஏற்கெனவே இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வரும். அது உண்மைதான். ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காப்பது, கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் சொன்னதை. நீங்கள் அவருடைய கட்சிக்காரர் அல்லர். உங்கள் விலைப்பட்டியலை அது காக்காது. மின்னஞ்சலில் இதையே பணிவாகச் சொல்லுங்கள்:

"ஐயா, தங்கள் தொழில் ஒழுக்கத்தில் எங்களுக்கு ஐயமில்லை. தங்கள் கடமை தங்கள் கட்சிக்காரருக்கானது. வியாழக்கிழமை நாங்கள் காட்டவிருக்கும் வடிவமைப்பு எங்களுடையது. ஆகவே இணைத்துள்ள ஒரு பக்க உடன்படிக்கையைப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்."

அழைப்புக்கு மூன்று நாட்கள் முன்பாவது அனுப்புங்கள். அழைப்பு தொடங்கும் நேரத்தில் நீட்டினால் எந்தச் சட்டத்தரணியும் வாசிக்காமல் கையொப்பமிடமாட்டார், இடவும் கூடாது. நீதிமன்றம் கேட்டால் வெளிப்படுத்தலாம், தம் கோப்புப் பிரதியை வைத்திருக்கலாம் என்ற இரண்டு விலக்குகளையும் நீங்களே எழுதிவிட்டால் பாதி மறுப்பு குறையும்.

அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வாடிக்கையாளரே கையொப்பமிட்டு, தம் ஆலோசகர்கள் மீறினாலும் தாமே பொறுப்பு என ஒரு வரி சேர்த்தால் போதும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். அதுவும் வந்து சேரவில்லையென்றால், முதல் அழைப்பில் கால அட்டவணையை மட்டும் பேசுங்கள். வடிவமைப்பைத் திரையில் காட்டாதீர்கள்.