உதவித்தொகை ‘அனுப்பியாச்சு’ என்கிறார்கள், பாஸ்புக்கில் இல்லை. பணம் எங்கே போனது?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தோம். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பணம் வந்துவிட்டது, இவனுக்கு மட்டும் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் “அனுப்பியாச்சு, பேங்கில் கேளுங்கள்” என்கிறார்கள். பேங்கில் கேட்டால் “ஆதார் லிங்க் ஆகியிருக்கு, பணம் வரலைன்னா நாங்க என்ன செய்ய?” என்கிறார்கள். பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்த கணக்கு ஒன்று, கல்லூரி வாசலில் உள்ள வங்கியில் ஒன்று, போனிலேயே அவனாக ஆரம்பித்த கணக்கு ஒன்று என்று மூன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் கல்லூரி வாசல் வங்கியின் கணக்கு எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அம்மா, இரண்டு இடத்திலும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: மூன்று கணக்கு.

விண்ணப்பத்தில் கணக்கு எண் எழுதினீர்கள் அல்லவா? உதவித்தொகை பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. அரசு அனுப்பும் பட்டியலில் மாணவரின் ஆதார் எண்ணும் தொகையும் இருக்கும். அது வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. என்ற நிறுவனத்துக்குப் போகும். அங்கே மேப்பர் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்பது மட்டும்தான் அதில் இருக்கும், கணக்கு எண் இருக்காது. ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான், அதுவும் கடைசியாக யார் பதிவு செய்தார்களோ அந்த வங்கி. பணம் அங்கே போய்ச் சேர்ந்ததும், அந்த ஆதாரோடு சேர்த்திருக்கும் கணக்கில் வங்கி வரவு வைக்கும். கல்லூரி வாசல் வங்கியின் எண்ணை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்திருந்தாலும், மேப்பரில் வேறு வங்கி இருந்தால் பணம் அங்கேதான் போகும்.

இப்போது அந்த ‘லிங்க்’ விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் நகல் வாங்கி வங்கியின் கணினியில் ஏற்றுவார்கள். கவுன்டரில் இருப்பவர் திரையில் ஆதார் எண் தெரிகிறது, அதனால் “லிங்க் ஆகியிருக்கு” என்கிறார். அது கே.ஒய்.சி. அதை மேப்பரில் ஏற்றுவது தனி வேலை. அதற்குப் பெயர் சீடிங். கணக்கு வைத்திருப்பவரின் சம்மதம் இருந்தால்தான் அதைச் செய்வார்கள். ஆகவே வங்கியில் இனி “ஆதார் லிங்க் ஆயிருக்கா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். “என்.பி.சி.ஐ. மேப்பரில் என் ஆதாருக்கு உங்கள் வங்கி ஆக்டிவாக இருக்கிறதா, டி.பி.டி. பணம் வருமா?” என்று கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசு நேரடியாக நம் கணக்கில் போடும் பணம்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். myaadhaar.uidai.gov.in தளத்தில் மகனின் ஆதார் எண்ணைப் போட்டு, வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து உள்ளே போங்கள். Bank Seeding Status என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் திறந்தால் வங்கியின் பெயர், ஆக்டிவா இல்லையா, கடைசியாக எந்தத் தேதியில் மாறியது என்று மூன்றும் தெரியும். அந்தத் தேதியைக் கவனியுங்கள், பல நேரம் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆதாரில் பழைய மொபைல் எண் இருந்தால் ஓ.டி.பி. வராது. அப்படியானால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் பிறகு ஒவ்வொரு படியிலும் இடிக்கும்.

என் ஊகம், அந்தத் திரையில் மகன் போனில் ஆரம்பித்த கணக்கின் வங்கிதான் இருக்கும். ஆப் மூலம் கணக்கு தொடங்கும்போது வரிசையாகச் சம்மதக் கட்டங்கள் வரும். அவற்றில் ஒன்று, அரசு மானியங்களை இந்தக் கணக்கிலேயே பெற விரும்புகிறேன் என்பது. பிள்ளைகள் எல்லாவற்றையும் டிக் அடித்துக்கொண்டே போவார்கள், அந்த நொடியிலிருந்து மேப்பர் மாறிவிடும். 2017-ல் மொபைல் கடையில் சிம்முக்காகக் கைரேகை வைத்தவர்களுக்கே தெரியாமல் ஒரு பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கப்பட்டு, அவர்களின் கேஸ் மானியம் அங்கே போய் உட்கார்ந்தது பெரிய செய்தியாகி, ஆதார் ஆணையமே தலையிட வேண்டி வந்தது. இப்போது சம்மதம் கேட்கிறார்கள்தான். நாம்தான் படிப்பதில்லை.

ஊகம் சரியா என்று பார்க்க இன்னொரு வழி, அனுப்பிய பணம் என்ன ஆனது என்று அரசு தளத்தில் பார்ப்பது. உதவித்தொகைத் தளத்தில் மகனின் விண்ணப்ப நிலையும், மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். தளமான pfms.nic.in-ல் பட்டுவாடா நிலையும் தெரியும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

பணம் வெற்றிகரமாகச் சேர்ந்தது என்று இருந்து, நீங்கள் பார்க்கும் பாஸ்புக்கில் இல்லை என்றால், பணம் தொலையவில்லை, வேறு கணக்கில் இருக்கிறது. மூன்று கணக்கிலும் என்ட்ரி போட்டுப் பாருங்கள். வரவு வரிசையில் ஏ.பி.பி.எஸ்., டி.பி.டி., ஏ.சி.ஹெச். போன்ற எழுத்துகளில் ஏதாவது இருக்கும், வங்கிக்கு வங்கி மாறும். எஸ்.எம்.எஸ். வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வங்கியில் இருப்பது பழைய எண்ணாக இருந்தால் எஸ்.எம்.எஸ். யாருக்கோ போயிருக்கும். பணம் போன் கணக்கில் இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், யாருக்கும் மனு எழுத வேண்டாம். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கும். மேப்பர் சரியாக இருந்தும், வங்கி தன் உள்பதிவில் ஆதாரைப் பழைய கணக்கோடு சேர்த்து வைத்திருக்கும்.

பட்டுவாடா தோல்வி என்று இருந்தால் பக்கத்தில் காரணம் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. ‘பணம் வரலை’ என்று வங்கியில் போய் நிற்பதற்கும் இந்த வரியோடு போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அடிக்கடி பார்ப்பவை இவை.

Aadhaar number not mapped to account number என்றால், மேப்பர் காட்டும் வங்கிக்குப் பணம் போயிருக்கிறது, ஆனால் அந்த வங்கியின் உள்பதிவில் இந்த ஆதாரோடு எந்தக் கணக்கும் சேர்ந்திருக்கவில்லை. வங்கி மட்டும்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

Documents pending for account holder turning major என்பதைக் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் படிக்கும்போது மைனராகத் தொடங்கிய கணக்கு, 18 வயது முடிந்ததும் தானாக மேஜர் கணக்காகிவிடாது. மாணவரே நேரில் போய், ஆதாரும் போட்டோவும் கொடுத்து, புதுக் கையெழுத்து போட்டால்தான் கணக்கு ஓடும். பெரும்பாலானவர்களுக்கு முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ, உதவித்தொகை வரும் நேரத்தில்தான் 18 முடிகிறது. அப்பா அம்மா போனால் நடக்காது, பையன்தான் போக வேண்டும்.

Account inoperative, Dormant account என்று வந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கணக்கில் நீங்களாகப் போட்டதோ எடுத்ததோ இல்லை என்று அர்த்தம். அரசு உதவித்தொகைக்காகத் திறந்த கணக்குகளை இப்படி முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சொல்லியிருக்கிறது, அந்த ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆனால் உங்கள் கணக்கு அந்த வகையில் குறிக்கப்பட்டிருக்க வேண்டுமே. கே.ஒய்.சி. புதுப்பித்து, ஒரு சின்னத் தொகை போட்டு எடுங்கள். இன்னொன்று, திறந்ததிலிருந்து ஒரு பைசா வரவு செலவு இல்லாத கணக்கு என்பதற்காகவும் பணம் திரும்பியிருக்கலாம். புதுக் கணக்கு தொடங்கியவுடனே 100 ரூபாயாவது போட்டுவைக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, மேப்பரில் இருப்பது போன் கணக்கு, உங்களுக்குக் கல்லூரி வாசல் வங்கிதான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மகன் அந்தக் கிளைக்குப் போய் ஆதார் சீடிங் சம்மதப் படிவம் கேட்க வேண்டும். அதில் இரண்டு தேர்வு இருக்கும்: இதுவரை எந்த வங்கியிலும் சீடிங் இல்லை என்பது ஒன்று, ஏற்கெனவே இன்ன வங்கியில் இருக்கிறது, அதை இங்கே மாற்றவும் என்பது இன்னொன்று. அவன் டிக் அடிக்க வேண்டியது இரண்டாவதை, பழைய வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். இங்கேதான் பலருக்குத் தப்பு நடக்கிறது. முதலாவதை டிக் அடித்துக் கொடுத்தால், படிவம் வாங்கப்படும், மேப்பர் மாறாமல் கிடக்கும். ஆதார் நகல், பாஸ்புக் நகல் சேர்த்துக் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. ஓரிரு வேலை நாள் கழித்து மறுபடி Bank Seeding Status பாருங்கள், புது வங்கியின் பெயரும் புதுத் தேதியும் வந்தால்தான் வேலை முடிந்தது. என்.பி.சி.ஐ. தளத்தில் BASE என்ற பகுதியில் ஆன்லைனிலும் மாற்றலாம், ஆனால் எல்லா வங்கிகளும் அதில் இல்லை.

போன் கணக்கிலேயே வரட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அந்தக் கணக்குக்கு முழு கே.ஒய்.சி. முடிந்து, மகன் தொடர்ந்து பயன்படுத்துகிறான் என்றால் தாராளமாக விடலாம். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, படிப்பு முடியும்வரை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

தோல்வியடைந்த பணம், சீடிங் சரியானதும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அது வங்கியில் நிற்பதில்லை, அனுப்பிய துறைக்கே திரும்பிவிடும். அவர்கள் மறுபடி பட்டியல் போட வேண்டும். அதனால் சீடிங் திரையின் பிரின்ட், தோல்விக் காரணம் தெரியும் பக்கம், விண்ணப்ப எண் மூன்றையும் வைத்து, மறுபட்டுவாடா கேட்டு ஒரு மனு எழுதி, கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலரிடம் கொடுங்கள். நகலை மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மனுவில் “பணம் வரவில்லை” என்று மட்டும் எழுதாமல், “இன்ன காரணத்தால் திரும்பியது, இன்ன தேதியில் சரிசெய்துவிட்டேன்” என்று எழுதச் சொல்லுங்கள். பணம் வந்து சேரும்வரை சீடிங்கை மறுபடி மாற்ற வேண்டாம், புதிதாக எந்த ஆப்பிலும் கணக்கு தொடங்க வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். இந்தத் திட்டத்தில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் மத்தியப் பங்கு மாணவரின் கணக்குக்கு நேராக வரும். ஆகவே நண்பர்களுக்கு வந்தது எந்தப் பங்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியப் பங்கில் கல்விக் கட்டணமும் சேர்ந்திருக்கும். வந்த ஏழு நாளுக்குள் அதைக் கல்லூரியில் கட்ட வேண்டும் என்பது விதி. எனவே தேடிப் பார்க்கும்போது பணம் போன் கணக்கில் ஏற்கெனவே கிடப்பதாகத் தெரிந்தால், அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தில் சொல்லிக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.