ஒரே சர்க்கரை, இரண்டு முதுமை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, அப்பத்தாவுக்கு 87. ரெண்டு பேருக்கும் சர்க்கரை. அப்பாவிடம் மூணு மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7-க்குள் இருக்கணும் என்று கண்டிக்கிற டாக்டர், அப்பத்தாவுக்கு 8.1 வந்தும் மாத்திரையைக் குறைத்துவிட்டார். வயதாகிவிட்டது என்று கைவிட்டுவிட்டாரா?

பதில்: கைவிடவில்லை. பெரும்பாலும் யோசித்துத்தான் குறைத்திருப்பார்.

60 தாண்டிய எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது என்று 1974-இல் சொன்னவர் அமெரிக்க ஆய்வாளர் பெர்னிஸ் நியூகார்டன். திடமாக நடமாடும் 'இளம் முதியோர்', துணை தேவைப்படும் 'மூத்த முதியோர்' என்று பிரித்தார். அப்புறம் வந்தவர்கள் 85-ஐத் தாண்டியவர்களை 'மிக மூத்தோர்' என்று தனியாக எடுத்தார்கள். இன்று பரவலாக 65–74, 75–84, 85-க்கு மேல் என்று கணக்கு வைக்கிறார்கள்.

சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதன் பலன் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பல வருடங்கள் கழித்துத்தான் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு அந்த வருடங்கள் இருக்கின்றன. அப்பத்தாவுக்கோ ஆபத்து இன்றைக்கே இருக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுவார். சிறுநீரகம் மந்தமாகிவிட்டதால் சில மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் தங்கும். (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் நம்பிவிட முடியாது, தசை கரைந்தவர்களுக்கு அது குறைவாகத்தான் காட்டும்.) ராத்திரி சர்க்கரை இறங்கி, தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழைய நடை திரும்புவது கடினம். அதனால் இந்தக் கட்டத்தில் எச்பிஏ1சி 8, சில சமயம் அதற்குச் சற்று மேலேகூட ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் 85 என்பது வெறும் அடையாளக் கோடு. பிறந்த தேதியை மட்டும் பார்த்து மருந்தைக் குறைத்தால் அது தப்பு. நியூகார்டனே வயதைவிட உடல்நிலையைத்தான் பெரிதாகப் பார்த்தார். வீட்டிலேயே சோதிக்கலாம்: தரையில் 4 மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் பிடித்தால் உடல் தளர்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு வருடத்தில் காரணமில்லாமல் நாலைந்து கிலோ இளைத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். 70 வயதிலேயே இப்படி இருப்பவருக்கு அப்பத்தாவின் கணக்குதான் பொருந்தும்; 87-லும் விறுவிறுவென்று நடப்பவருக்கு இவ்வளவு தளர்த்த வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 75–84-இல் நிலைமை சீக்கிரம் மாறும், வருடத்துக்கு ஒரு தடவையாவது நடையை அளந்து பாருங்கள்.

இன்னொன்று. சர்க்கரை இறங்கினால் அப்பாவுக்கு வியர்க்கும், கை நடுங்கும். அப்பத்தாவுக்கு அதெல்லாம் தெரியாமலே போகலாம். திடீரென்று குழப்பமாகப் பேசுவார், அல்லது தூங்கி வழிவார். 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடாமல், உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் தெளிவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.