ஆயிரமாவது ஆர்டருக்கு நன்றிப் பதிவு: கேள்வி பதில்

கேள்வி: கையால் தைத்த நோட்டு விற்கிறேன் அக்கா. என் வரைவு இது: "பெருமையுடன் அறிவிக்கிறோம்! 1000 ஆர்டர் மைல்கல்லைக் கடந்துவிட்டோம். எங்கள் உழைப்புக்கும் தரத்துக்கும் கிடைத்த வெற்றி. ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி." படித்தால் தற்பெருமை மாதிரி இருக்கிறது. நடுத்தாள் கழல்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகு தையலை மாற்றிய கதையைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்ப்பது மட்டுமில்லை, அதுதான் பதிவே. உங்கள் வரைவில் மூன்று வாக்கியம் உங்களைப் பற்றியது. வாங்கியவர்கள் கடைசியில் "அனைவருக்கும்" என்று ஒரே சொல்லில் வந்து போகிறார்கள். கடைப் பெயர் போட்டு வேறு யார் வேண்டுமானாலும் இதை அப்படியே வெளியிடலாம். நான் இப்படி எழுதுவேன்:

"இந்த வாரம் ஆயிரமாவது ஆர்டரை அனுப்பினேன். ஆரம்பத்தில் வாங்கிய ஒருவர், நடுத்தாள் கழல்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். அதன் பிறகுதான் மூன்று துளைத் தையலை ஐந்து துளையாக்கி, மெழுகிட்ட நூலுக்கு மாறினேன். இப்போது எல்லா நோட்டும் அப்படித்தான் தைக்கிறேன். குறை சொன்னவருக்கும், தையலை மாற்றியதால் ஆர்டர்கள் தாமதமானபோது பொறுத்திருந்தவர்களுக்கும் நன்றி."

எண் ஒரே ஒரு முறை, செய்தியாக மட்டும் வருகிறது. நன்றி எதற்கு என்று படிப்பவருக்குப் புரிகிறது. தாமதம் நடக்கவில்லை என்றால் அந்தப் பாதியை எடுத்துவிடுங்கள். நடக்காத எதற்கும் நன்றி சொல்லக்கூடாது. "இந்த எளியவளின் சிறு முயற்சி" என்றும் தொடங்காதீர்கள். அதுவும் உங்களைப் பற்றிய பேச்சுதான்.

கேள்வி: ஷாப்பிஃபையில் என் முதல் ஆர்டரே #1001 என்று வந்தது. அப்போது ஆயிரமாவது #2000 தானே?

பதில்: கணக்கு சரி. அங்கே எண் #1001-இல்தான் தொடங்கும். ஆனால் நீங்களே போட்டுப் பார்த்த சோதனை ஆர்டரும், ரத்தானதும் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கழித்து, போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். வாங்கியவர்களுக்கும் தங்கள் ஆர்டர் எண் தெரியும். #1400 வைத்திருப்பவர் உங்கள் பதிவைப் பார்த்துக் குழம்பலாம், யாராவது கேட்டால் விளக்குங்கள். இன்னொன்று, ஆயிரம் ஆர்டர் என்றால் ஆயிரம் வாடிக்கையாளர் ஆகாது. ஒருவரே பத்து முறை வாங்கியிருப்பார்.

கேள்வி: எண்ணைச் சொல்வதே பெருமைதான். நான் ஐந்து வருடமாக விற்கிறேன், ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். முதலாண்டு நிறைவுப் பதிவுக்கு எண் தேவையே இல்லை, ஒரு வருடம் ஆனது என்பதே போதும். ஆயிரமாவது ஆர்டருக்கு எண்ணை மறைத்தால், திடீரென்று ஏன் நன்றி என்று படிப்பவர் யோசிப்பார்.

கேள்வி: மறுபடியும் நான்தான். இப்போதுதான் தொடங்கியவர்கள் அந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோவார்களே, அது பரவாயில்லையா?

பதில்: அந்த வருத்தம் உண்மையானது, என்னிடம் முழுப் பதில் இல்லை. சக விற்பனையாளர்கள் அதிகம் படிக்கும் இடமென்றால் நானும் எண்ணை விட்டுவிடுவேன். வாங்கியவர்கள் படிக்கும் இடத்தில் சொல்வேன். படத்தின் மேல் பெரிய எழுத்தில் "1000" போடக்கூடாது என்பதில் மட்டும் முழுக்க உங்கள் பக்கம்தான். எழுத்தில் எவ்வளவு அடக்கம் இருந்தாலும் அந்தப் படம் கெடுத்துவிடும்.

கேள்வி: நானும் எண் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: பார்சல்களை அடுக்கிப் படம் போடலாமா? ஆயிரமாவது ஆளின் பெயரையும் சொல்ல ஆசை.

பதில்: விலாசச் சீட்டு தெரியாமல் பார்சலைத் திருப்பி வைத்து எடுங்கள். பெரிதாக்கினால் போன் எண் வரை படிக்க முடியும். பெயர் சொல்ல அவரிடம் முதலில் கேளுங்கள். பரிசாக வாங்கியிருந்தால், பெறுபவருக்கு முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: பதிவின் கடைசியில் தள்ளுபடி கூப்பன்?

பதில்: வேண்டாம். கூப்பன் வந்ததுமே அது விளம்பரமாகிவிடும். சில நாள் கழித்துத் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: சின்னக் கூப்பன், அதுவும் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும்?

பதில்: அதே பதில்தான். அவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

கேள்வி: ஆயிரம் ஆர்டர் சீக்கிரம் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: அது விற்பனைக் கேள்வி, இங்கே வேண்டாம்.

கேள்வி: ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆர்டர் நாற்பதுதான். நன்றி சொன்னால் சிரிப்பார்களா?

பதில்: சிரிக்க மாட்டார்கள். நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுத முடியும் என்பது உங்களுக்கு வசதி. யார் என்ன வாங்கினார், உங்களிடம் என்ன கேட்டார் என்று பழைய செய்திகளைப் பார்த்து, ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒரே வாக்கியத்தை நகலெடுத்து அனுப்பாதீர்கள். பொதுப் பதிவை அதன் பிறகு போடலாம், போடாமலும் விடலாம்.